கெசட்டியரில் கட்டபொம்மன் இருக்கிறார், எங்கள் ஊர்க்காரர் இல்லை

கேள்வி: "ஒட்டப்பிடாரம் பக்கத்து ஊர். பாளையக்காரர் காலத்தில் தளவாயாக இருந்ததாக எங்கள் ஊரில் சொல்லப்படும் ஒருவரைப் பற்றிச் சிறு நூல் எழுதுகிறேன். பேட் எழுதிய 1917 திருநெல்வேலி கெசட்டியரில் கட்டபொம்மன் இருக்கிறார், எங்கள் ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. கெசட்டியரில் இருப்பதை அப்படியே நம்பலாமா? அதில் பெயர் இல்லை என்றால் அப்படி ஒருவர் வாழவே இல்லை என்று ஆகிவிடுமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில்: ஆகாது. ஏன் ஆகாது என்பது புரிந்தால் முதல் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

1799-ல் நடந்ததை 1917-ல் எழுதியவர் பேட். இடையில் 118 வருடம். பாளையக்காரர் போர்களுக்கு அவர் பெரும்பாலும் சார்ந்திருப்பது கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றை. கால்டுவெல் சார்ந்திருப்பது கம்பெனி அதிகாரிகளின் கடிதங்களையும், போரில் இருந்த வெல்ஷ் போன்ற ராணுவத்தாரின் நினைவுக் குறிப்புகளையும். ஆக நீங்கள் கையில் வைத்திருப்பது மூன்றாம் கைச் சரக்கு. பேட் சொல்கிறார், கால்டுவெல்லும் சொல்கிறார் என்று இரண்டு ஆதாரமாக எண்ணுவதுதான் உள்ளூர் வரலாற்று நூல்களில் அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு புத்தகத்திலும் ஒரே நிகழ்ச்சி ஒரே வரிசையில், ஒரே அடைமொழிகளோடு வந்தால் அது ஒரே சாட்சிதான். அச்சில் இரண்டு முறை ஏறியிருக்கிறது, அவ்வளவே.

புத்தகங்களின் வகையையும் பிரித்துக்கொள்ளுங்கள். மேனுவல், கெசட்டியர் இரண்டும் அரசாங்கம் வெளியிட்ட மாவட்டக் கையேடுகள். மேனுவல் என்பது முந்தைய தலைமுறை: மதுரைக்கு நெல்சன் (1868), திருநெல்வேலிக்கு ஸ்டூவர்ட் (1879), கோயம்புத்தூருக்கு நிக்கல்சன் (1887) என்று வரும். எழுதியவரின் ஆர்வத்தைப் பொறுத்து இவற்றின் தரம் ஏறி இறங்கும். நெல்சன் பக்கம் பக்கமாக வரலாறு எழுதுவார், இன்னொருவர் நிலவரிக் கணக்கோடு முடித்துவிடுவார். 1904-க்குப் பிறகு வந்த கெசட்டியர்களுக்கு ஒரே அச்சு: இயற்கை அமைப்பு, அரசியல் வரலாறு, மக்கள், பாசனம், காடு, தொழில் என்று போய் நிலவரி, நீதி, உள்ளாட்சி தாண்டிக் கடைசியில் தாலுகா வாரியாக ஊர்கள். தனி மனிதர்கள் தலைகாட்டுவது பெரும்பாலும் மூன்று இடத்தில்தான்: வரலாற்று அத்தியாயம், நிலவரி அத்தியாயம், கடைசியில் வரும் ஊர்ப் பட்டியல். நீங்கள் வரலாற்று அத்தியாயத்தையும் பின்னிணைப்பில் உள்ள பெயர் அகராதியையும் மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்கிறீர்கள் என்றால், உங்கள் ஊர் அப்போது இருந்த தாலுகாவின் ஊர்க்குறிப்புகளையும் சுற்றியுள்ள தாலுகாக்களின் குறிப்புகளையும் வரி விடாமல் படித்துவிடுங்கள். அகராதியில் ஏறாத பெயர்கள் ஒரு குளம், ஒரு சத்திரம், ஒரு கோவில் மண்டபம் பற்றிய வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும்.

இந்தப் புத்தகங்கள் யாருக்காக எழுதப்பட்டன என்பதிலிருந்தே பக்கச்சார்பு தொடங்குகிறது. புதிதாக மாற்றலாகி வரும் கலெக்டர் படித்துத் தெரிந்துகொள்ளத்தான் எழுதினார்கள். அவருக்கு வேண்டியது யாரிடம் எவ்வளவு நிலம், எந்த ஜமீன் பேஷ்குஷ் என்னும் கப்பம் எவ்வளவு கட்டுகிறது, எந்த இனாம் யார் கொடுத்தது, எந்தச் சாதிக்கும் எந்தச் சாதிக்கும் தகராறு என்பது. அதனால் அரசாங்கத்துக்கு வரி கட்டியவர், கட்ட மறுத்தவர், அரசாங்கம் பராமரிக்கவேண்டிய எதையோ கட்டிவிட்டுப் போனவர் ஆகியோர் உள்ளே வருவார்கள். பாளையக்காரருக்குக் கீழே இருந்த தளவாய், காவல்காரர், ஒற்றர், கணக்கர் ஆகியோரோடு கம்பெனிக்கு நேரடிக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. பெரும்பாலும் பிடிக்கவோ தண்டிக்கவோ வேண்டியபோதுதான் அவர்கள் பெயர் எழுதப்பட்டது. கட்டபொம்மனின் ஆட்களில் சுப்பிரமணிய பிள்ளை ஆங்கில ஆவணங்களில் தெளிவாக வருவதற்குக் காரணம் அவரையும் தூக்கிலிட்டார்கள் என்பதுதான். சுந்தரலிங்கம், வெள்ளையத் தேவன் ஆகியோரை மக்கள் நினைவில் வைத்திருப்பது கதைப்பாடல்களும் வாய்மொழியும். உங்கள் தளவாய் இந்த இரண்டாவது வரிசையில் வருகிறவர். எனவே அவரைப் பற்றிய கெசட்டியர் மௌனத்துக்கு எடை மிகக் குறைவு. ஒரு பாளையக்காரர் பெயரே இல்லை என்றால் யோசிக்கவேண்டும். தளவாய் பெயர் இல்லாதது எதிர்பார்க்கக்கூடியதே.

இனி எழுதியிருப்பதை எப்படி எடைபோடுவது என்பதற்குக் கட்டபொம்மனையே எடுத்துக்கொள்வோம். அவரைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மன் கயத்தாறிலிருந்து 1799 அக்டோபர் 17 தேதியிட்டு அரசாங்கத்துக்கு எழுதிய கடிதத்தைக் கால்டுவெல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கெசட்டியரை ஓரமாக வைத்துவிட்டு அதைப் படியுங்கள். நேற்று கூடியிருந்தவர்கள் முன் விசாரணை நடந்தபோது பாளையக்காரர் கொஞ்சமும் அஞ்சாமல், அலட்சியமாக நின்றார் என்கிறார் பானர்மன். தன்னைப் பிடிக்க முனைப்பாக இருந்த எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் இகழ்ச்சியோடு பார்த்தார், தூக்குமரத்துக்கு உறுதியாக நடந்து போனார் என்றும் எழுதுகிறார். அடுத்து வருவது வேறு மாதிரி: போகிற வழியில் தன் ஊமைத் தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டதாகவும், மரத்தடிக்கு வந்ததும் கோட்டையை விட்டு வந்ததற்கு வருந்தி, அங்கேயே போரிட்டுச் செத்திருக்கலாம் என்று சொன்னதாகவும் தனக்குத் தெரிவிக்கப்பட்டது என்கிறார்.

ஒரே கடிதம், அடுத்தடுத்த வாக்கியங்கள். முதலாவது அவர் இருந்து பார்த்தது. இரண்டாவது யாரோ சொல்லக் கேட்டது, அதுவும் தமிழிலோ தெலுங்கிலோ சொன்னது மொழிபெயர்ப்பாளன் வாய் வழியாக வந்திருக்கவேண்டும். நம் மேடைகளில் அதிகம் எடுத்தாளப்படுவது இரண்டாவது. உறுதியானது முதலாவது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தூக்கிலிட்ட அதிகாரி, தூக்கில் தொங்கியவர் கோழை என்று எழுதியிருந்தால் அதை நம்பத் தயங்கவேண்டும். எழுதியவருக்கு அதனால் ஆதாயம் இருக்கிறது. அஞ்சாமல் நடந்தார் என்று எழுதியதில் பானர்மனுக்கு எந்த ஆதாயமும் இல்லை. எழுதியவரின் சார்புக்கு எதிராக ஓடும் வாக்கியம் கிடைத்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம். சார்போடு ஒத்துப்போகிறவை, அதாவது கொள்ளையடித்தார், அடங்காதவர், கலகக்காரர் போன்றவை, குற்றச்சாட்டு என்ற அளவில் மட்டுமே உண்மை. இன்ன தேதியில் கம்பெனி இப்படிக் குற்றம் சாட்டியது என்று எழுதலாம், அதற்கு மேல் போகக்கூடாது. 1798 ராமநாதபுரம் கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்ட விவகாரத்தை விசாரித்தபோது கம்பெனி தன் சொந்தக் கலெக்டர் ஜாக்ஸனைத்தான் மாற்றி, அந்த இடத்துக்கு லஷிங்டனைக் கொண்டுவந்தது. அலுவலகக் கடிதங்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. கெசட்டியரில் சுருக்கி எழுதும்போது அந்தச் சச்சரவெல்லாம் வழிந்துபோய் ஒரே குரலாகிவிடுகிறது.

தூக்கிலிட்ட நாளை 16 என்றும் 17 என்றும் மாற்றி மாற்றி எழுதுவதற்கும் இந்தக் கடிதத்திலேயே விளக்கம் இருக்கிறது. கடிதத்தின் தேதி 17, அதில் சொல்லப்படுவது "நேற்று". கடிதத் தேதியை நிகழ்ச்சித் தேதியாக எடுத்துக்கொண்டால் 17 வந்துவிடும். 16 என்று எழுதுங்கள்.

இன்னொரு பொறி பெயர். கட்டபொம்மு என்பது அந்தப் பாளையத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த பெயர். 1750-களின் போர்களை எழுதிய ஓர்ம், Catabominaigue என்ற எழுத்துக்கூட்டலில் ஒருவரைப் பலமுறை குறிப்பிடுகிறார். அவர் 1799-ல் தூக்கிலிடப்பட்டவர் அல்ல, அதே பாளையத்தில் அவருக்கு முந்தியவர். ஸ்கேன் செய்த புத்தகத்தில் தேடிக் கிடைத்த இடத்தையெல்லாம் ஒரே மனிதர் கணக்கில் சேர்த்தால் நாற்பது, ஐம்பது வருட நிகழ்ச்சிகள் ஒருவர் தலையில் விழும். உங்கள் தளவாய்க்கும் இது நேரலாம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமுள்ள நம் பக்கத்தில், பெயர் ஒத்துப்போவதை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காணவே முடியாது. பெயர், ஊர், வருடம் மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகவேண்டும். தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். Panjalamkurichi என்று தட்டினால் பழைய கடிதங்கள் கிடைக்காது. c-யும் k-யும், oo-வும் u-வும், y-யும் i-யும் மாற்றிப் போட்டு, கடைசிப் பகுதியை விட்டு, Panjal என்ற முதல் துண்டை மட்டும் தேடிப் பாருங்கள். நாயக்கர் என்பது Naig, Naique, Nayaka என்றெல்லாம் வரும்.

வெள்ளைக்காரன் எழுதியது, அதனால் சார்பு என்று மட்டும் நினைத்தால் பாதிதான் சரி. தகவல் கொடுத்தவர்கள் நம்மவர்கள். தாசில்தார் கேட்டு அனுப்பிய குறிப்பு, கர்ணம் சொன்னது, ஜமீன் அரண்மனை கொடுத்த வம்ச வரலாறு எல்லாம்தான் அடிப்படை. 1799-லும் 1801-லும் தோற்றவர்களின் பாளையங்கள் பறிக்கப்பட்டன. கம்பெனி பக்கம் நின்றவர்கள் 1803-ல் சனது என்னும் உரிமைப் பத்திரம் பெற்று ஜமீன்தார் ஆனார்கள். நூறு வருடம் கழித்துக் கெசட்டியருக்குத் தகவல் கேட்டபோது எட்டயபுரத்தில் பதில் சொல்ல அரண்மனை இருந்தது, அச்சில் வந்த வரலாறும் இருந்தது. எட்டயபுரம் வரலாறான வம்சமணி தீபிகை வெளிவந்தது 1879-ல், ஸ்டூவர்ட் மேனுவல் வந்த அதே வருடம். பாஞ்சாலங்குறிச்சியில் பதில் சொல்ல யார் இருந்தார்கள்? கோட்டையையே இடித்துவிட்டார்கள். அதனால் ஜமீன் குடும்பங்களின் பழம்பெருமை, பாண்டியர் அல்லது நாயக்கர் கொடுத்த பட்டம், முதல் மூதாதை காட்டிய வீரம் போன்றவை கெசட்டியரில் இருந்தால் அதைக் குடும்பமே சொன்ன கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரிசு வழக்கு நடக்கும் வீட்டில் வம்சாவளி சும்மா எழுதப்படுவதில்லை. 1750-க்கு முந்திய தலைமுறை வரிசைகளை வேறு ஆதாரம் கிடைக்கும்வரை பென்சிலில் எழுதிக்கொள்வதே நல்லது. அதே குடும்பத்தின் பேஷ்குஷ் தொகை, கிராமங்களின் எண்ணிக்கை, சனது வருடம் ஆகியவை பேரேட்டிலிருந்து எடுத்தவை. அவற்றை நம்பலாம்.

கால்டுவெல் புத்தகத்துக்கு அதன் தலைப்பே ஒரு எச்சரிக்கை. ஆதிகாலம் முதல் 1801-ல் ஆங்கில அரசாங்கத்தின் கைக்கு மாறியதுவரை என்பது அதன் வரம்பு. கதை எங்கே முடியவேண்டும் என்று முன்பே முடிவாகிவிட்ட வரலாறு அது. முடிவில் அமைதி வரவேண்டும் என்றால் அதற்கு முன்னால் இருப்பது குழப்பமாகத்தான் தெரியும், பாளையக்காரர்கள் அந்தக் குழப்பத்தின் முகமாகத்தான் தெரிவார்கள். கால்டுவெல் வேண்டுமென்று திரித்தார் என்று நான் சொல்லவில்லை. ஆவணங்களை அவர் நிறையவே அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார், அதற்காகத்தான் இன்றும் அவரிடம் போகிறோம். ஆவணம் வரும் பத்தியையும் அவர் கருத்துச் சொல்லும் பத்தியையும் பிரித்துப் படித்தால் போதும்.

பாதிரியார்களின் எழுத்து சேர்ந்ததால் ஒரு நன்மையும் விளைந்தது, அதுவும் ஒருபக்கச் சாய்வுதான். பாளையங்கோட்டைக் கிளாரிந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1778-ல் பாதிரியார் ஸ்வார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமண விதவை. அவர் கட்டுவித்த கோவிலைப் பாப்பாத்தியம்மா கோவில் என்பார்கள். 1780-ல் அந்தச் சபையின் பதிவேட்டில் நாற்பது பேர் இருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுத் திருநெல்வேலியில் ஒரு விதவையின் வாழ்க்கையும், பல சாதிகளைச் சேர்ந்த சாதாரண மனிதர்களின் பெயர்களும் தேதியோடு நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் சபை பதிவேடு வைத்திருந்தது என்பதே. அதே காலத்தில் சத்திரம் கட்டிய, குளம் வெட்டிய எத்தனையோ பெண்கள் இருந்திருப்பார்கள், அவர்களுக்கு இப்படி ஒரு பதிவேடு வாய்க்கவில்லை. எனவே மேனுவலில் யார் அதிகம் வருகிறார்கள் என்பதை வைத்து யார் முக்கியமானவர் என்று முடிவு செய்யாதீர்கள். யாருடைய காகிதம் மிஞ்சியது என்பதைத்தான் அது காட்டுகிறது.

மக்கள் பற்றிய அத்தியாயத்தை மனிதர்களுக்கு ஆதாரமாக எடுக்கவே வேண்டாம். அங்கே தனி ஆள் கிடையாது, சாதிக்கு ஒரு குணம் ஒட்டியிருப்பார்கள். கள்ளர், மறவர் பற்றிய பத்திகளில் திருட்டும் காவல் கூலியும்தான் முன்னே நிற்கும். அந்தக் காலத்துப் போலீஸின் பார்வை அது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் விரிவாக்கப்பட்டதற்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட பத்திகள் அவை. உங்கள் தளவாயின் சாதியைப் பற்றி அங்கே எழுதியிருப்பதை அவர் குணத்தை விளக்க எடுத்தாண்டால், ஒரு போலீஸ் குறிப்பை ஒரு மனிதர்மேல் ஒட்டுகிறீர்கள்.

வார்த்தைகளின் தரத்தையும் பாருங்கள். கெசட்டியர், மேனுவல் ஆசிரியர்கள் பொதுவாகக் கவனமாக எழுதுகிறவர்கள், ஐதீகத்தை எழுதும்போது சொல்லப்படுகிறது, கதை உண்டு, மரபு என்று ஒரு சொல்லைப் போட்டுவிடுவார்கள். மொழிபெயர்க்கும்போது அந்தச் சொல்தான் முதலில் காணாமல் போகிறது. மதுரையில் ராணி மங்கம்மாள் இடக்கையால் வெற்றிலை போட்டுக்கொண்டதற்குப் பரிகாரமாகச் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார் என்பதும், கடைசியில் சிறையில் பட்டினி போடப்பட்டு இறந்தார் என்பதும் இந்த நூல்களின் வழியாகப் பரவிய மரபுக் கதைகள். மூலத்தில் கதையாகத்தான் வரும், நம் பாடப்புத்தக நடைக்கு வரும்போது நடந்த செய்தியாகிவிடும். அவர் 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆண்டார் என்பது வேறு தரத்துச் செய்தி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோக்காதீர்கள்.

உங்கள் ஆளைத் தேடவேண்டிய இடங்கள் இவை. முதலில் ஊரிலேயே: அவர் பெயரில் நிலம், குளம், கோவில் மானியம் எதுவும் உண்டா? இருந்தால் 1858-ல் தொடங்கிய இனாம் கமிஷன் விசாரித்து எழுதிய இனாம் பதிவேட்டில் அந்தக் கிராமத்தைப் பாருங்கள். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிராமம், தாலுகா பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். மானியம் யார் கொடுத்தது, யாருக்கு, அப்போது அனுபவிப்பவர் யார் என்று அதில் பத்தி பத்தியாக இருக்கும். கெசட்டியரில் வராத உள்ளூர்ப் பெயர்களுக்கு இதைவிட நல்ல ஆங்கில ஆவணம் குறைவு. இங்கும் ஒரு எச்சரிக்கை: மானியத்தைக் காப்பாற்றிக்கொள்ள அனுபவதாரர் பழமையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார், எனவே கொடுத்த வருடத்தைவிட அனுபவதாரர் பெயருக்கு நம்பகம் அதிகம். அடுத்து அதே காப்பகத்தில் திருநெல்வேலி மாவட்டப் பதிவுகளும் ராணுவ ஆலோசனைத் தொகுதிகளும்: 1798 முதல் 1801 வரை போதும். பிடிபட்டவர், தண்டிக்கப்பட்டவர் பட்டியல்களைத்தான் முதலில் புரட்டவேண்டும். மூன்றாவது, கட்டபொம்மன் கதைப்பாடல்களின் அச்சான வடிவங்கள். அதில் உங்கள் ஆள் வந்தால், பாடல் இன்ன பதிப்பில் இப்படிச் சொல்கிறது என்று எழுதலாம். பாடலில் வரும் தேதியையோ எண்ணிக்கையையோ எடுக்கவேண்டாம்.

ஊரில் ஓலையோ செப்பேடோ காட்டினால் வருடத்தை மாற்றும்போது தடுமாறாதீர்கள். பசலி என்னும் வருவாய்த்துறை வருடத்தோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருடம், கொல்லம் ஆண்டோடு 824 கூட்டவேண்டும். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட மாதம் பசலி 1209, கொல்லம் 975. பசலி இப்போது ஜூலையிலும் கொல்லம் ஆவணியை ஒட்டியும் தொடங்குவதால், ஜனவரியோ அதற்குப் பிந்திய மாதமோ ஆக இருந்தால் இன்னும் ஒன்று கூடும். ஓலையில் பசலி 1209 மாசி என்றிருந்தால் அது 1800, அதாவது தூக்குக்குப் பிந்திய நான்காவது மாதம். அந்த ஓலையில் உங்கள் தளவாய் உயிரோடு கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் கட்டபொம்மனோடு சாகவில்லை என்று ஆகும், ஊர்க்கதையின் பாதியைத் திருத்தி எழுதவேண்டியிருக்கும்.